மூன்று வயரிங் கொட்டேஷன், ஒரே வீடு: எதை எதோடு ஒப்பிடுவது?

தங்கை வீட்டு வேலை மேல்தளக் கான்கிரீட் போடும் கட்டத்துக்கு வந்தபோது மூன்று எலக்ட்ரீஷியன்களிடம் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தாள். இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, இரண்டு குளியலறை, ஒரு மாடிப்படி, அவ்வளவுதான் வீடு. "அண்ணா, ரெண்டாவது ஆள்தான் கம்மி, அவர்கிட்டயே கொடுத்துடலாமா?" என்று கேட்டாள். தாள்களைக் கையில் வாங்கிப் பார்த்தால், மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். வீடு மட்டும்தான் ஒன்று.

முதலாமவர் பொருளோடு சேர்த்து பாயிண்டுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் முழு வீட்டுக்கும் மொத்தமாக ஒரே தொகை. மூன்றாமவர் கூலி மட்டும், பொருள் நம்முடையது, என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல். முதலாமவர் தொகையை 100 என்று வைத்துக்கொண்டால் இரண்டாமவர் 84. மூன்றாமவர் கூலி 35, அவர் பட்டியலைக் கடையில் கொடுத்து விலை கேட்டதில் பொருளுக்கு 52, ஆக 87. பார்த்த மாத்திரத்தில் தங்கை சொன்னதுதான் சரி என்று தோன்றும். ஆனால் இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது, அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அது பாயிண்ட் எண்ணுவது. வீட்டு வரைபடத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாக நாமே எண்ண வேண்டும், எலக்ட்ரீஷியன் எண்ணிச் சொன்னதை நம்பக் கூடாது. அவர் ஏமாற்றுவார் என்பதற்காகச் சொல்லவில்லை, பாயிண்ட் என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் இருப்பதால் சொல்கிறேன். எங்கள் கணக்கில் விளக்கு 24, மின்விசிறி 6, தனி இடத்தில் வரும் 6 ஆம்ப் சாக்கெட் 8, ஸ்விட்ச் போர்டிலேயே ஸ்விட்ச் பக்கத்தில் வரும் சாக்கெட் 7, அழைப்பு மணி 1, அப்புறம் 16 ஆம்ப் பவர் பாயிண்ட் 9. போர்டிலேயே வரும் சாக்கெட்டுக்குத் தனியாக வயர் இழுக்கும் வேலை இல்லை என்பதால் முதலாமவர் அதை அரைப் பாயிண்டாகப் போட்டிருந்தார், நியாயம்தான். மாடிப்படி விளக்குக்கும் ஒரு படுக்கையறை விளக்குக்கும் இரண்டு இடத்தில் ஸ்விட்ச் வைக்க வேண்டும், அப்படிப்பட்ட டூ-வே விளக்கு ஒவ்வொன்றையும் இரண்டு பாயிண்டாக எண்ணியிருந்தார், அதுவும் சரி, ஏனென்றால் இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவில் கூடுதல் வயர் போகிறது. அவர் கணக்கில் மொத்தம் 44.5 சாதாரணப் பாயிண்ட், 9 பவர் பாயிண்ட், ஆக 53.5.

இரண்டாமவர் தாளில் "சுமார் 45 பாயிண்ட்" என்று ஒரு வரி. பவர் பாயிண்டும் இதற்குள்ளேயா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். அப்படியானால் 8.5 பாயிண்ட் குறைகிறது. 46-வது பாயிண்டுக்கு என்ன விலை என்று கேட்டேன், "அது அப்போ பார்த்துக்கலாம் சார்" என்றார். மொத்தத் தொகை கொட்டேஷனில் பணம் போகும் வழி இதுதான். பாதி வேலை முடிந்து சுவரெல்லாம் கொத்திப் போட்ட பிறகு கூடுதல் பாயிண்டுக்கு அவர் சொல்வதுதான் விலை, அந்த நேரத்தில் வேறு ஆளைத் தேடவும் முடியாது. அதனால் யாரிடம் கொடுத்தாலும் கூடுதல் பாயிண்டின் விலையைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

சரி, பாயிண்டை ஒன்றாக்கியாகிவிட்டது. அடுத்தது வயர். உண்மையான வித்தியாசம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான் என்பதால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

முதலாமவர் விளக்குக்கு ஒன்றரை வயர், அதாவது 1.5 ஸ்குயர் எம்.எம்., பவர் பாயிண்டுக்கு இரண்டரை, ஏ.சி.க்கும் கீசருக்கும் நாலு என்று தெளிவாக எழுதியிருந்தார். இரண்டாமவர் தாளில் "நல்ல கம்பெனி காப்பர் வயர்" என்று மட்டும் இருந்தது. கேட்டால் விளக்குக்கு 1.0 என்கிறார். இதில் அவர் செய்தது அப்பட்டமான தப்பு என்றும் சொல்லிவிட முடியாது, எல்.இ.டி. விளக்கு இழுக்கும் கரண்டுக்கு 1.0 தாராளமாகப் போதும். சிக்கல் எங்கே என்றால், அதே வயர்தான் போர்டில் இருக்கும் 6 ஆம்ப் சாக்கெட்டுக்கும் போகிறது, அந்த சாக்கெட்டில் யாராவது இஸ்திரிப் பெட்டியைச் சொருகுவார்கள். 1000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதே சர்க்யூட்டில் பக்கத்து அறையில் இன்னொரு சூடேற்றும் கருவி ஓடினால் எட்டு, ஒன்பது என்று போய்விடும். வயர் தனியாகக் காற்றில் தொங்கவில்லை, சுவருக்குள் பைப்பில் இன்னும் பல வயர்களோடு நெருக்கிக்கொண்டு கிடக்கிறது, சூடு வெளியே போக வழி குறைவு. அதனால் விளக்கும் சாக்கெட்டும் கலந்து வரும் சர்க்யூட்டுக்கு ஒன்றரைக்குக் கீழே நான் இறங்க மாட்டேன். அதைவிட முக்கியம், 1.0-ஐயும் 1.5-ஐயும் ஒரே பொருளாக நினைத்து விலையை ஒப்பிடக் கூடாது. செம்பின் அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

எர்த் வயர் பற்றிக் கேட்டது இன்னொரு கதையைக் கிளப்பியது. இரண்டாமவர் பவர் பாயிண்டுக்கு மட்டும்தான் எர்த் இழுக்கிறார், விளக்குக்கும் விசிறிக்கும் இல்லை. "எல்.இ.டி.க்கு எதுக்கு சார் எர்த்து?" என்றார். இன்று பிளாஸ்டிக் விளக்கு மாட்டுகிற இடத்தில் நாளைக்கு உலோக உடம்புள்ள ஒரு விளக்கு மாட்டலாம், விசிறியின் உடம்பு பெரும்பாலும் உலோகம்தான். பைப்பை மூடிப் பூசிய பிறகு அந்தப் பச்சை வயரைத் தனியாக நுழைப்பது பெரும்பாடு. கேட்க வேண்டிய கேள்வி: எல்லாப் பாயிண்டுக்கும் எர்த் உண்டா, உண்டென்றால் என்ன அளவு, உறை போட்ட வயரா வெறும் கம்பியா?

இனி மூன்றாமவர் பட்டியல். அதில் ஒன்றரை வயர் மட்டும் 18 சுருள் என்றிருந்தது. பொருள் நம்முடையது என்றால் எலக்ட்ரீஷியன் தாராளமாக எழுதுவது வழக்கம், நடுவில் வயர் தீர்ந்து வேலை நிற்கக் கூடாது என்பது அவர் கவலை, மிச்சம் எங்கே போகும் என்பது நம் கவலை. இதை நாமே சரிபார்க்கலாம், பெரிய கணக்கில்லை. போர்டிலிருந்து விளக்கு, விசிறி, தனி சாக்கெட் என்று 38 இடத்துக்கு வயர் போகிறது. ஏறி இறங்கி வளைந்து போகும் தூரம் சராசரியாக 8 மீட்டர் என்று வைத்தால், ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயர், 38 × 8 × 3, அதாவது 912 மீட்டர். பாதுகாப்புப் பெட்டியான டி.பி.யிலிருந்து எட்டு ஸ்விட்ச் போர்டுக்குப் போகும் வயர் சராசரி 12 மீட்டர், அதுவும் மூன்று, ஆக 288. மொத்தம் 1200 மீட்டர். சுருள் ஒன்று 90 மீட்டர் என்றால் 13-க்குக் கொஞ்சம் மேல், 14 என்று வையுங்கள். (சுருள் 90 மீட்டரா 100 மீட்டரா என்று முதலில் கேளுங்கள், இதை மறந்துவிட்டு விலையை ஒப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.) இந்தக் கணக்கைக் காட்டி 18 எதற்கு என்று கேட்டபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டூ-வே விளக்குக்குக் கூடுதல் வயர், இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல், நிறத்துக்கு ஒரு சுருள் வாங்குவதால் வரும் உதிரி என்று விளக்கிச் சொன்னார். 15-ல் முடித்தோம், தேவைப்பட்டால் பதினாறாவதை அப்புறம் வாங்கிக்கொள்வது என்று பேச்சு. இப்படி உட்கார்ந்து பதில் சொல்லும் ஆள் என்பதே எனக்கு ஒரு தகவல்.

இன்வெர்ட்டர் என்றதும் ஒன்று. இன்வெர்ட்டரில் ஓடப்போகும் விளக்கு, விசிறி எவை என்று வயர் இழுக்கும் முன்பே முடிவு செய்து அவற்றின் நியூட்ரலைத் தனியாகக் கொண்டுவர வேண்டும். பல இடங்களில் ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலை எல்லாவற்றோடும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பிறகு கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டினால் காரணமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அது போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்றுதான் பார்க்கிறது, நியூட்ரல் வேறு வழியில் திரும்பினால் கசிவு என்று நினைத்துக்கொள்ளும். கடைசியில் ஆர்.சி.சி.பி.யே கெட்டது என்று சொல்லிக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். நியூட்ரலைத் தனியாகப் பிரிப்பதற்கு யாருடைய கொட்டேஷனில் இடம் இருக்கிறது என்று பாருங்கள், எங்களுக்கு வந்ததில் மூன்றாமவர் மட்டும்தான் அதைத் தானாகவே சொன்னார்.

பாதுகாப்புப் பெட்டியில், அதாவது டி.பி.யில், இரண்டாமவர் ஆர்.சி.சி.பி.யே போடவில்லை, கரண்ட் அளவு மீறினால் விழும் எம்.சி.பி. மட்டும். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. முதலாமவர் "ஆர்.சி.சி.பி. 1" என்று எழுதியிருந்தார், எத்தனை மில்லி ஆம்பியர் என்று எழுதவில்லை. உடம்பில் ஷாக் அடிப்பதிலிருந்து காக்க 30 மில்லி ஆம்பியர் வேண்டும். 100, 300 என்று வருபவை தீ விபத்துத் தடுப்புக்கானவை, பெட்டியைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டாவது கேள்வி எத்தனை என்பது. முழு வீட்டுக்கும் ஒன்றே ஒன்று போட்டால், மழைக்காலத்தில் வெளி விளக்கில் ஈரம் இறங்கினாலும் கீசரின் கம்பிச்சுருள் கசிந்தாலும் வீடே இருட்டாகும், எங்கே குற்றம் என்று இருட்டில் தேட வேண்டும். இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதி வீடாவது எரியும். எம்.சி.பி. பற்றி ஒரே கேள்வி போதும்: எந்த வயருக்கு எத்தனை ஆம்ப்? ஒன்றரை வயருக்கு 6 அல்லது 10, இரண்டரைக்கு 16 அல்லது 20 என்று பதில் வந்தால் சரி. "எல்லாத்துக்கும் 32 போட்டுட்டா அடிக்கடி விழாது சார்" என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்துவிடலாம். விழாதுதான், வயர் முதலில் உருகும்.

பைப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேல்தளக் கான்கிரீட்டுக்குள் போகிற பைப் ஆள் மிதித்தாலும் நசுங்காத தடிமனா என்று கேளுங்கள், மெல்லிய ரகம் அங்கே வேண்டாம். கான்கிரீட் ஊற்றும் முன் கையில் போன் இருந்தால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், பின்னால் சீலிங்கில் துளை போடும்போது பயன்படும். டி.வி., இன்டர்நெட் கேபிளுக்குத் தனிப் பைப் கணக்கில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், மூவருமே அதை விட்டிருந்தார்கள்.

விட்டுப்போனவை என்ற வகையில் இன்னும் சில இருந்தன. சுவரைக் கொத்துவது எலக்ட்ரீஷியன், கொத்திய இடத்தைப் பூசுவது யார்? மீட்டரிலிருந்து டி.பி. வரை வரும் மெயின் லைன் சேர்ந்ததா? எர்த் குழி தோண்டி ராடு இறக்குவது? விசிறியும் விளக்கும் மாட்டித் தருவது? முதலாமவர் மெயின் லைனையும் விசிறி மாட்டுவதையும் தனியாக வைத்திருந்தார், அடிக்குறிப்பில் பொடி எழுத்தில். இரண்டாமவரிடம் எர்த் குழி கிடையாது.

"அல்லது அதற்குச் சமமானது" என்ற வரியையும் தேடுங்கள். வயரின் கம்பெனி பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் இதைப் போட்டுவிட்டால், வந்து இறங்குவது சமமானது மட்டும்தான். அதைப் பேனாவால் அடித்துவிட்டு, கம்பெனி, ரகம், அளவு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ரகம் என்றது எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ்., ஹாலஜன் இல்லாதது என்று வருகிறதே, அது. எஃப்.ஆர். என்றால் தீ எளிதில் பரவாது, ஆனால் எரிந்தால் புகை வரும். எல்.எஸ். சேர்ந்தால் புகை குறையும். ஹாலஜன் இல்லாததில் புகையும் நச்சு வாயுவும் இன்னும் குறைவு, விலை அதிகம். வீட்டுக்கு நடு ரகம் போதும் என்பது என் எண்ணம்.

வந்து இறங்கிய வயர் சொன்ன வயர்தானா என்று எப்படிப் பார்ப்பது? பெட்டியைப் பார்ப்பது போதாது. உறைமேல் நீளத்துக்கும் அச்சடித்திருக்கும் பெயரும் அளவும் முதல் சோதனை. நுனியை உரித்துக் கத்தியால் சுரண்டினால் உள்ளேயும் செம்பு நிறம் இருக்க வேண்டும், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த வயர். அடுத்தது மல்டிமீட்டர். 90 மீட்டர் ஒன்றரை வயர்ச் சுருளின் இரண்டு நுனிகளுக்கு நடுவே மின்தடை சுமார் 1.2 ஓமுக்கு மேல் போகக் கூடாது. 1.0 வயரென்றால் 1.7-ஐ ஒட்டிக் காட்டும். மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.2, 0.3-ஐக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். இதில் ஒரு ஓட்டை உண்டு: வயர் மெல்லியதாகவும் சுருள் நீளம் குறைவாகவும் இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி மீட்டர் சரியான எண்ணையே காட்டும். அப்போது தராசு. ஒரே ஒரு மீட்டர் வெட்டி உரித்துச் செம்பை மட்டும் எடை போட்டால் ஒன்றரை வயர் 12, 13 கிராம் வரும், 1.0 வயர் 8, 9 தான். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சுருளைப் பிரிக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும், பைப்புக்குள் இழுத்த பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

இந்தக் கேள்விகளையெல்லாம் ஒரே தாளில் எழுதி மூவருக்கும் கொடுத்து, இதே அளவுக்கு மறுபடி விலை போடுங்கள் என்றோம். 100 சொன்னவர் 108 ஆனார். 84 சொன்னவர் 103-க்கு வந்தார், அதிலும் ஆர்.சி.சி.பி. பற்றி முணுமுணுத்துக்கொண்டே. மூன்றாமவர், இரண்டு ஆர்.சி.சி.பி., விசிறி விளக்கு மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து, மூன்று சுருள் குறைந்தும் 94.

கூலி மட்டும் கொட்டேஷன்தான் எப்போதும் சிறந்தது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை நடக்கும் இடத்துக்கு வாரம் இரண்டு முறையாவது போக முடியாதவர்களுக்கு அது தலைவலி, நாலு பைப் பெண்டுக்கும் ஒரு டப்பா ஸ்க்ரூவுக்கும் போன் வரும், பொருள் வராத நாளுக்கும் கூலி கேட்பார்கள். அவர்களுக்கு முதலாமவர் மாதிரி அளவெல்லாம் எழுதிய பாயிண்ட் ரேட்தான் நல்லது, எட்டுப் பத்து கூடக் கொடுத்தாலும். மொத்தத் தொகையை நான் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான் ஒப்புக்கொள்வேன், பாயிண்ட் பட்டியலும் பொருள் பட்டியலும் அதோடு கோத்துக் கையெழுத்தாகியிருந்தால்.

நாங்கள் செய்தது ஒரு கலவை. வயர், டி.பி. பொருட்கள், ஸ்விட்ச் மூன்றையும் நாங்களே வாங்கினோம், இவை எண்ணக்கூடியவை, ஏமாற்ற வாய்ப்பும் இவற்றில்தான் அதிகம். பைப், பெண்டு, பாக்ஸ், ஆணி வகையறாவை மூன்றாமவரே கொண்டுவருவதாகப் பேசி அதற்கு ஒரு தொகை சேர்த்தோம், மொத்தம் 96 ஆனது. பணத்தை நாலு தவணையாகப் பிரித்தோம்: கான்கிரீட் பைப், சுவர்ப் பைப்பும் பாக்ஸும், வயர் இழுப்பு, மாட்டி முடித்துச் சோதனை. கடைசித் தவணை சோதனைக்குப் பிறகுதான். 500 வோல்ட் மெகர் வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டிலும் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே இன்சுலேஷன் பார்த்து எண்ணை எழுதித் தர வேண்டும், 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஏற்க மாட்டோம், புது வயரில் அதைவிடப் பல மடங்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தோம். ஆர்.சி.சி.பி.யை அதன் மேலிருக்கும் டெஸ்ட் பட்டனால் மட்டும் பார்க்காமல் மீட்டர் வைத்தும் பார்க்க வேண்டும், பட்டன் உள்ளே இருக்கும் இயக்கத்தைத்தான் சோதிக்கிறது, வீட்டு எர்த் சரியா என்று அதற்குத் தெரியாது.

சோதனையன்று பின்பக்கக் குளியலறை சர்க்யூட் மட்டும் 0.4 காட்டியது. பூச்சு வேலையின்போது ஒரு பாக்ஸுக்குள் ஈரச் சிமென்ட் போய் வயர் மூட்டில் ஒட்டியிருந்தது. சுத்தம் செய்து, காயவிட்டு, மறுநாள் பார்த்தபோது 200-க்கு மேல். ஒன்றரை வயரில் ஒரு சுருள் பிரிக்காமல் மிஞ்சியது, பிரிக்காத சுருளைத் திருப்பி எடுப்பதாக பில்லிலேயே எழுதி வாங்கியிருந்ததால் கடைக்காரர் பேசாமல் வாங்கிக்கொண்டார்.